போனில் லைவ் போக 50 பேர் எதற்கு?

கேள்வி: என் மாமனார் தெருக்கூத்து ஆடுபவர். அவருடைய ஜமாவின் பெயரில் யூடியூபில் ஒரு சேனல் வைத்திருக்கிறோம். வீட்டு லேப்டாப்பில்தான் ஆரம்பித்தோம். அதில் பார்த்தால் 53 சப்ஸ்கிரைபர் காட்டுகிறது. சித்திரையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கப்போகிறது. பெங்களூரில் வேலைக்குப் போயிருக்கிற ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்று என் போனிலிருந்து லைவ் போட நினைத்தேன். ஆனால் லைவைத் தொட்டால் சப்ஸ்கிரைபர் போதவில்லை என்கிறது. 50 இருந்தால் போதும் என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? போன வாரம் போனிலிருந்து ஏற்றிய சின்ன வீடியோவும் ஜமா சேனலில் வராமல் என் பெயரிலேயே வந்திருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன், காசு கொடுத்தால் ஒரே நாளில் 1,000 சப்ஸ்கிரைபர் ஏற்றித் தருகிறேன் என்கிறான். கொடுக்கலாமா? முதலில், நம் ஊர்க் கூத்தை நாம் காட்டுவதற்கு இவ்வளவு பேர் வேண்டும் என்று எதற்காக வைத்திருக்கிறார்கள்?

— ஒரு வாசகி, செய்யாறு வட்டம்

பதில்: காசு கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் சிக்கலுக்கான விடை கடிதத்திலேயே இருக்கிறது. வீடியோ உங்கள் பெயரில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான். அதற்கு முன் நீங்கள் கடைசியாகக் கேட்டதை எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

இந்த வரம்பு இயந்திரத்தின் இயலாமையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆளாளுக்கு லைவ் போட்டால் சர்வர் தாங்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியென்றால் கம்ப்யூட்டரிலிருந்து போடும் லைவுக்கும் வரம்பு இருக்க வேண்டும். அங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு சப்ஸ்கிரைபர்கூட இல்லாத சேனல், கம்ப்யூட்டரில் வெப்கேம் வைத்தோ, என்கோடர் என்று சொல்லப்படும் மென்பொருள் வழியாகவோ, போனைவிடத் துல்லியமான படத்தை மணிக்கணக்கில் அனுப்பலாம். 50 பேர் என்ற நிபந்தனை போனில் இருக்கிற யூடியூப் ஆப்பில் லைவைத் தொட்டு நேராக ஒளிபரப்புகிற அந்த ஒரு வழிக்கு மட்டும்தான். ஆகவே பாரத்துக்குப் பயந்து வைத்தது இல்லை. ஆளுக்குப் பயந்து வைத்தது.

நீங்கள் எடுத்து ஏற்றுகிற வீடியோவை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பே யூடியூபின் தானியங்கிச் சோதனை ஓரளவு பார்த்துவிட முடியும். சந்தேகம் இருந்தால் நிறுத்தி வைக்கலாம். லைவில் அந்த இடைவெளியே கிடையாது. நடக்கிற நொடியிலேயே பார்வையாளர் கண்ணில் பட்டுவிடும். அதிலும் போன் பாக்கெட்டில் இருப்பது. எந்த இடத்திலும், எந்த மனநிலையிலும், இரண்டு தொடுதலில் ஒளிபரப்பு தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் வழிக்கு உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சிறு சிரமமே பாதிப் பேரை வடிகட்டிவிடுகிறது.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலையைக் கொலைகாரன் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேருக்கும் குறைவு என்று பிறகு அந்த நிறுவனமே சொன்னது. முதல் புகார் வந்தது ஒளிபரப்பு தொடங்கி 29 நிமிடங்கள் கழித்து; அப்போது நேரலையே முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் அதன் பிரதிகளை 15 லட்சம் முறை நீக்க வேண்டியிருந்தது. பார்த்தவர் சிலர், பரவியது லட்சங்களில். நேரலையைவிட அதன் பதிவுதான் நெருப்பாகப் பரவுகிறது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அன்றைக்குப் பாடமாகவே படித்தார்கள்.

மற்ற இடையூறுகள் இவ்வளவு கொடியவை இல்லை, ஆனால் தினமும் நடப்பவை. கிரிக்கெட் மேட்ச் ஓடுகிற டிவிக்கு நேராகப் போனைப் பிடித்து லைவ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புதுப்படத்தைத் தியேட்டரிலிருந்தே காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேனலை மூடினால் ஐந்து நிமிடத்தில் வேறொரு ஜிமெயில் தொடங்கி மறுபடி வந்துவிடுவார்கள். புதுக் கணக்குக்குச் செலவே கிடையாது என்பதுதான் அவர்களுடைய பலம். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை என்ற நிபந்தனை அந்தப் பலத்தைக் குறைக்கிறது. 50 பேரைச் சேர்த்த ஒருவர் ஒரு முட்டாள்தனத்துக்காக அதை இழக்க யோசிப்பார் என்ற கணக்கு அது. உங்களைப் போன்ற நேர்மையான ஆளுக்கு இது குறுக்கே நிற்பது உண்மை. ஆனாலும் மோசமான கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த எண் எப்போதும் 50 ஆக இருந்ததில்லை. 2017 பிப்ரவரியில் போன் வழி லைவைத் திறந்தபோது 10,000 சப்ஸ்கிரைபர் கேட்டார்கள். அதே ஆண்டில் 1,000 ஆகக் குறைத்தார்கள். பிறகுதான் 50. குறைத்தபோது 1,000 என்ற கோட்டை முழுதாக அழித்துவிடவில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. 50 தாண்டி 1,000 எட்டாத சேனல் போனிலிருந்து லைவ் போட்டால், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம் என்பதை யூடியூப் கட்டுப்படுத்திக்கொள்ளும். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லவும் மாட்டார்கள். லைவ் முடிந்ததும் பதிவு ‘பிரைவேட்’ ஆகத்தான் சேமிக்கப்படும். நீங்களாகப் போய்ப் ‘பப்ளிக்’ ஆக்கினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். 1,000 தாண்டினால் இந்தக் கட்டுகள் தளரும், அதுவும் உடனே நடக்காது. சில வாரம்கூட ஆகலாம்.

இந்த இரண்டு கட்டுகளையும் மேலே சொன்ன கிரைஸ்ட்சர்ச் கதையோடு வைத்துப் பாருங்கள். பார்ப்பவர் தொகையைக் கட்டுப்படுத்துவது, பதிவு தானாகப் பரவாமல் பூட்டி வைப்பது: இரண்டுமே சேதத்தைக் குறைக்கிற ஏற்பாடுகள். வளர்ந்த சேனலுக்குப் பரிசு கொடுக்கும் நோக்கம் இதில் இல்லை. மற்ற நிறுவனங்களும் இதே பக்கம்தான் போகின்றன. ஃபேஸ்புக் 2024 ஜூன் முதல், கணக்கு தொடங்கி 60 நாளாவது ஆகியிருக்க வேண்டும், பக்கத்துக்கு 100 பேராவது ஃபாலோயர் இருக்க வேண்டும் என்கிறது. இன்ஸ்டாகிராம் 2025 ஆகஸ்டில், பொதுக் கணக்காக இருந்து 1,000 ஃபாலோயர் இருந்தால்தான் லைவ் என்று சொல்லிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் யூடியூபின் 50 தாராளம்தான்.

இனி உங்கள் போனுக்கு வருவோம்.

ஒரே ஜிமெயிலில் ஒன்றுக்கு மேற்பட்ட சேனல்கள் இருக்கலாம். லேப்டாப்பில் ஜமா பெயரில் தனிச் சேனலாகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் போனில் இருக்கிற ஆப் அதே ஜிமெயிலில் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிற சேனலைத் திறந்து வைத்திருக்கிறது. அதனால்தான் சின்ன வீடியோ உங்கள் பெயரில் போனது. அந்தச் சேனலுக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அல்லது யாருமே இருக்க மாட்டார்கள். ஆப் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. ஜமாவின் 53 பேர் அதன் கண்ணிலேயே படவில்லை. இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்கள் ஏராளம். 50 தாண்டியும் லைவ் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தச் சேனலில் நிற்கிறீர்கள் என்பதுதான்.

யூடியூப் ஆப்பைத் திறந்து கீழே வலது ஓரத்தில் இருக்கும் You என்பதைத் தொடுங்கள். மேலே ஒரு பெயரும், அதன் கீழே @ குறியோடு தொடங்கும் ஒரு முகவரியும் தெரியும். பெயரை நம்பாதீர்கள், ஒரே பெயரில் இரண்டு சேனல் இருக்கலாம். @ முகவரி மட்டும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. லேப்டாப்பில் ஜமா சேனலைத் திறந்து அங்கே இருக்கும் @ முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் Switch account என்பதைத் தொட்டு ஜமா சேனலுக்கு மாறுங்கள். மாறிய பிறகு View channel தொட்டால் சேனல் பக்கம் திறக்கும். பெயருக்குக் கீழே சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை இருக்கும். 1,000-க்குக் கீழே இருக்கும்வரை இது ஒவ்வொரு ஆளையும் எண்ணிய சரியான எண். 1,000 தாண்டினால் முதல் மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள்: 1,234 பேர் என்றால் 1.23K என்று தெரியும். அப்போது முழு எண்ணைப் பார்க்க யூடியூப் ஸ்டுடியோ என்ற தனி ஆப்பை நிறுவிக்கொள்ளுங்கள். அதைத் திறந்ததும் முதல் பக்கத்திலேயே முழு எண்ணிக்கை இருக்கும். சேனல் பக்கத்தில் எண்ணிக்கையை மறைத்து வைத்திருப்பவர்களுக்கும் அந்த ஆப்தான் வழி.

அங்கே 53 இல்லாமல் 47 என்று இருந்தால் பதறாதீர்கள். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை குறையக்கூடியது. ஒருவர் தன் கூகுள் கணக்கை மூடினால் எண் ஒன்று இறங்கும். போலி என்று யூடியூப் முடிவு செய்த கணக்குகளையும் அவ்வப்போது கழித்துவிடுவார்கள். 50-க்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு இது தொல்லைதான். நேற்று வந்த லைவ் இன்று வராமல் போகலாம். அதனால் 53 என்பது என்னைப் பொறுத்தவரை பாதுகாப்பான எண் இல்லை. 65, 70 ஆக்கிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைத் தேடுகிறபோது இன்னொரு இடத்தில் ஏமாறுவார்கள். ஸ்டுடியோவைக் கம்ப்யூட்டரில் திறந்தால் சப்ஸ்கிரைபர்களின் பட்டியல் ஒன்று கிடைக்கும். அதை விரல்விட்டு எண்ணி, 20 பேர்தானே இருக்கிறார்கள் என்று சிலர் கவலைப்படுவார்கள். எந்தச் சேனலைப் பின்தொடர்கிறோம் என்பதை வெளியே காட்ட விரும்பாதவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் அவர்களும் கணக்கில் உண்டு. எண்ணைப் பாருங்கள், பட்டியலை விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் லைவ் வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது சேனலின் தகுதி. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும், அல்லது போனில் குரோமைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டு Desktop site போட்டுக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் முகவரிக்குப் போங்கள்.

```
studio.youtube.com
```

இங்கேயும் முதலில் ஜமா சேனலில்தான் நிற்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு Settings, அதற்குள் Channel, அதற்குள் Feature eligibility. மூன்று படிகள் தெரியும். நடுவில் இருப்பது Intermediate features. லைவ் அந்தப் படியில்தான் வருகிறது. அதற்கு எதிரில் Enabled என்று இருந்தால் அந்த வேலை முடிந்தது. Eligible என்று இருந்தால் தகுதி இருக்கிறது, ஆனால் நீங்கள் இன்னும் போன் நம்பரைக் கொடுத்துச் சரிபார்க்கவில்லை என்று பொருள். அங்கேயே தொட்டு நம்பரைக் கொடுத்தால் ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியில் வரும். ஒரு போன் நம்பரை ஓராண்டில் இரண்டு சேனலுக்குத்தான் பயன்படுத்த முடியும். உங்கள் நம்பரை ஏற்கனவே வேறு இரண்டுக்குக் கொடுத்திருந்தால் மாமனார் நம்பரைக் கொடுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரு பொறி உண்டு. இது 50 பேர் கணக்கைப் பார்ப்பதில்லை. நாலு பேர் இருக்கிற சேனலுக்கும் இங்கே லைவ் திறந்திருப்பதாகத்தான் தெரியும், ஏனென்றால் கம்ப்யூட்டர் வழிக்கு அது உண்மையிலேயே திறந்திருக்கிறது. போன் ஆப்பில் மட்டும் மறுப்பு வரும். ஸ்டுடியோவில் இருக்கிறது, ஆப்பில் இல்லையே என்று குழம்ப வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. மாறாக இரண்டு இடத்திலும் இல்லை என்றால் காரணம் எண்ணிக்கையாக இருக்காது. நம்பர் சரிபார்க்கப்படவில்லை, அல்லது கடந்த 90 நாளில் ஏதோ மீறலுக்காகச் சேனலின் லைவ் தடுக்கப்பட்டிருக்கிறது.

முதன்முறை லைவைத் திறக்கக் கேட்கும்போது அது கைக்கு வர 24 மணி நேரம்வரை ஆகும். இதை யாராலும் முந்திக்கொள்ள முடியாது. கொடி ஏறிய அன்று சாயங்காலம் உட்கார்ந்து நம்பர் கொடுத்தால் அன்றைய கூத்து போய்விடும். வயதிலும் 2025 ஜூலை முதல் மாற்றம் இருக்கிறது. முன்பு 13 என்று இருந்ததை 16 ஆக்கிவிட்டார்கள். வீட்டுப் பிள்ளையின் கணக்கிலிருந்து போடலாம் என்று யோசனை இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 1,000 சப்ஸ்கிரைபர் பையன். அவன் தரப்போவது ஆட்கள் இல்லை, கணக்குகள். பணத்துக்காகவோ, நீ எனக்கு நான் உனக்கு என்ற பண்டமாற்றுக்காகவோ எண்ணிக்கையை ஏற்றுவதை யூடியூப் போலி ஈடுபாடு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். மென்மையான விளைவு, ஏற்றியது எல்லாம் கழிந்து பழைய எண்ணுக்கே வருவது. கடுமையான விளைவு, சேனலே மூடப்படுவது. அதில் ஜமாவின் பழைய வீடியோக்களும் சேர்ந்து போகும். உங்களுக்கு வேண்டியதோ மிஞ்சிப்போனால் இருபது பேர். பெங்களூர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேனல் இணைப்பைப் போட்டு, பாரதம் இதில்தான் வரும், இப்போதே சப்ஸ்கிரைப் பண்ணி வையுங்கள் என்று எழுதினால் ஒரு நாளில் வந்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற யாருக்கும் ஏற்கனவே ஒரு கூகுள் கணக்கு இருக்கும். ஒருவரே தன் போனில் ஐந்து ஜிமெயில் தொடங்கி ஐந்து முறை தொடுவது மட்டும் வேண்டாம். கழிபடப் போகிற எண்கள் அவைதான்.

சரி, எண்ணிக்கை வந்துவிட்டது, லைவ் திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாரதத்துக்குப் போன் ஆப்பை நம்பச் சொல்ல மாட்டேன். உங்கள் சேனல் 1,000-க்குக் கீழேதான் இருக்கும். அதனால் பார்வையாளர் தொகைக் கட்டு உங்களுக்கும் பொருந்தும். அர்ச்சுனன் தபசு அன்று ஊர்க்காரர்கள் மொத்தமாக உள்ளே வரப் பார்த்தால், சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காமல் போகலாம். திறக்காதவர்கள் உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். இந்தக் கட்டு இல்லாத வழி கம்ப்யூட்டர் வழி. லேப்டாப்பில் குரோமில் யூடியூபைத் திறந்து, ஜமா சேனலில் நின்று, மேலே Create தொட்டு Go live, பிறகு Webcam. சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை கேட்காது. லேப்டாப்பின் சொந்தக் கேமரா இரவுக் கூத்துக்கு உதவாது. கிரீடத்தின் கண்ணாடிச் சில்லு டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னும்போது முகமே கறுத்துப்போகும். யுஎஸ்பி வெப்கேம் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

லேப்டாப்பைக் களத்துக்குத் தூக்கிப்போக முடியாது என்றால் போனிலேயே என்கோடர் ஆப் ஒன்றை நிறுவலாம். லாரிக்ஸ் பிராட்காஸ்டர், ப்ரிசம் லைவ் ஸ்டுடியோ போன்றவை உண்டு. கம்ப்யூட்டரில் Go live போய் Stream என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சர்வர் முகவரியும் ஸ்ட்ரீம் கீ என்ற நீண்ட எழுத்துக் கோவையும் கிடைக்கும். முகவரி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
rtmp://a.rtmp.youtube.com/live2
```

என்கோடர் ஆப்பில் இரண்டையும் கொடுத்தால், கையில் இருப்பது போன்தான் என்றாலும், யூடியூபுக்கு அது என்கோடரிலிருந்து வரும் லைவ். யூடியூப் ஆப்பின் 50 பேர் கேள்வி அங்கே எழாது. ஸ்ட்ரீம் கீயை மட்டும் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம். தப்பித்தவறி அனுப்பிவிட்டால் அதே பக்கத்தில் Reset கொடுத்துப் புதிது எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் டேட்டா கணக்கைப் போட்டுவிடுங்கள். 720p படத்துக்கு வினாடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இரவு 9 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 6 மணிவரை என்றால் 9 மணி நேரம், ஏறக்குறைய 10 ஜிபி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டவருக்கு 80 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கட்டியக்காரன் உள்ளே வந்து நாலு சிரிப்பு சிரிக்க வைப்பதற்குள் படம் உறைந்து நிற்கும். டேட்டா பேக்கைத் தனியாகப் போடுங்கள், அல்லது கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் கேளுங்கள். 12 மணி நேரத்துக்குள் முடிகிற லைவ் என்றால் யூடியூப் முழுப் பதிவையும் தானாக வைத்துக்கொள்ளும், அதனால் விடியும்வரை ஒரே லைவாகப் போடலாம்.

எச்சரிக்கை ஒன்று இந்தக் கூத்துக்கென்றே உண்டு. கூத்து தொடங்கும்வரை ரேடியோ செட்காரர் சினிமாப் பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். லைவில் போகிற ஒலியையும் யூடியூப் உரிமைப் பாட்டுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பொருந்தினால் உங்கள் படத்தை நிறுத்தி வேறு படத்தைக் காட்டலாம், லைவையே துண்டிக்கலாம். களரி கட்டி மிருதங்கமும் முகவீணையும் எழும்பிய பிறகு தொடங்குங்கள். முன்னால் பத்து நிமிடம் கூட்டத்தைக் காட்டுகிறேன் என்று ஆசைப்பட வேண்டாம்.

இன்றே செய்ய வேண்டியது ஆப்பில் @ முகவரியைப் பார்த்து ஜமா சேனலுக்கு மாறுவது, நம்பரைச் சரிபார்ப்பது, லைவைத் திறக்கச் சொல்வது. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்னால், Unlisted என்று வைத்து ஒரு பத்து நிமிடம் கோயில் திடலிலிருந்தே சோதனை லைவ் போட்டு, இணைப்பை பெங்களூரில் இருக்கிற ஒருவருக்கு அனுப்பி, படமும் வசனமும் தெளிவாக வருகிறதா என்று கேளுங்கள். ஏதாவது தடுமாற்றம் தெரிந்தால் சரி செய்ய இரண்டு நாள் கையில் இருக்கும்.